பதிலக்கா எழுதிய லிஃப்ட் புகார்

அந்த சர்வீஸ் சென்டரில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேனேஜரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் பதிலக்கா. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் வாங்கியவர்கள் அனுப்புகிற புகார் மெயில்களைப் படித்து, எது எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது அவள் வேலை. கேட்டால் சின்ன வேலை மாதிரித்தான் இருக்கும். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முன்பின் தெரியாத எத்தனையோ பேர் வரிசையில் நின்று உங்களைத் திட்டினால் தெரியும், அது சின்ன வேலையா பெரிய வேலையா என்று.

'மெஷினின் கதவுப் பக்கம் தண்ணீர் ஒழுகுகிறது, நாளை காலை ஆள் அனுப்புங்கள்' என்று ஒருவர் எழுதினால், அதை அவள் நேராக டெக்னீஷியனுக்குத் தள்ளிவிடுவாள். மறுநாள் ஆள் போய்விடுவான். 'நீங்களெல்லாம் மனுஷங்கதானா? வேண்டுமென்றே ஓட்டை மெஷினைத் தலையில் கட்டினீர்கள். உங்களை நாறடிக்காமல் விடமாட்டேன்' என்று இன்னொருவர் எழுதுவார். இதை டெக்னீஷியனுக்கு எப்படி அனுப்புவது? பாவம், அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் எதைத் திருகுவான்? ஆபீஸ் வழக்கப்படி அது மேனேஜருக்குப் போகும். மேனேஜர் பழைய சர்வீஸ் ரிப்போர்ட்டையெல்லாம் தோண்டி எடுத்து, எங்கள் மேல் தவறில்லை என்று நீளமாகப் பதில் எழுதுவார். திட்டியவருக்கு பதில் கிடைத்துவிடும். மெஷின் மட்டும் அங்கே ஒழுகிக்கொண்டே இருக்கும்.

ஆனால் பதிலக்கா அப்படிப்பட்ட மெயில்களை உடனே மேனேஜருக்குத் தள்ளமாட்டாள். போனை எடுத்து அவர்களிடமே பேசுவாள். அவர்கள் மூச்சு வாங்குகிற வரைக்கும் திட்டட்டும் என்று காத்திருந்து, "சரிங்க. இப்ப சொல்லுங்க, எந்தப் பக்கம் ஒழுகுது?" என்பாள். அதற்குமேல் யாராலும் திட்ட முடியாது. குனிந்து பார்த்துத்தானே ஆகவேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு அவளைப் பொறுமையின் சிகரம் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு நல்ல ஏமாற்றம் காத்திருக்கிறது. அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். காய்கறிக் கடைக்காரர் அவள் வருவதைப் பார்த்தாலே அழுகின தக்காளியைக் கூடையின் அடியில் மறைப்பார். பஸ் டிரைவராக இருந்த அவள் கணவரை மேலதிகாரி ஒருவர் மரியாதையில்லாமல் பேசினார் என்று கேள்விப்பட்டு, டிப்போவுக்கே போய் அந்த மனிதரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள் அவள். "ஆபீஸ்ல ஆறின கஞ்சி, வீட்டுல கொதிக்கிற எண்ணெய்" என்று டிரைவர் அவளைக் கேலி செய்வார்.

அந்த டிரைவருக்குத்தான் போன வருஷக் கடைசியில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இரண்டு மாதத்தில் கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கால்தான் முரண்டு பிடித்தது. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காலையில் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். "இந்த ஆறு மாசம் ரொம்ப முக்கியம். இப்ப விட்டுட்டா அப்புறம் இந்தக் காலைக் கெஞ்சிக் கூத்தாடினாலும் வராது" என்று தெரபிஸ்ட் பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அந்த இடத்துக்குக் காத்திருப்பவர்கள் நிறைய. அடிக்கடி வராமல் இருந்தால் நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அவர்கள் குடியிருப்பது நான்காவது மாடி. இருப்பது ஒரே லிஃப்ட். அந்த லிஃப்ட் சரியாகத் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் பார்த்து நின்றது.

முதல் தடவை நின்றபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் டிரைவரை நாற்காலியோடு தூக்கிப் படியில் இறக்கினார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி சாய, "பிடி, பிடி" என்று அவர்கள் கத்த, கதவைத் திறந்து எல்லோரும் எட்டிப் பார்க்க, டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். அத்தனை வருஷம் ஒரு பஸ் நிறைய ஜனங்களைத் தூக்கிக்கொண்டு போன மனிதர். வீட்டுக்கு வந்ததும், "இனிமே என்னை மூட்டை மாதிரி தூக்கக் கூடாது. லிஃப்ட் இருந்தா வரேன். இல்லன்னா வரல" என்று சொல்லிவிட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி மூன்றாவது மாடிக்காரர். ஓய்வு பெற்றும் ஓயாத மனிதர். பல்பு மாற்றுவது, மோட்டார் போடுவது, தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பது எல்லாம் அவரே. ஒரு பைசா வாங்காமல் செய்வார். லிஃப்ட் கம்பெனிக்கு மெயில் எழுதுவதும் அவர்தான். அவருடைய மெயில்கள் குடியிருப்பு முழுக்கப் பிரசித்தம். எழுதியதும் எல்லோருக்கும் அனுப்பி வைப்பார். கடைசியாக எழுதியது இப்படி:

'நீங்கள் ஒருபோதும் ஒழுங்காக வேலை செய்ததில்லை. நீங்கள் அனுப்புகிற ஆட்களுக்கு லிஃப்டுக்கும் பீரோவுக்கும் வித்தியாசம் தெரியாது. வேண்டுமென்றே அரைகுறையாகப் பழுது பார்த்துவிட்டு எங்களை முட்டாளாக்குகிறீர்கள். உங்களுக்கு வெட்கமாக இல்லையா?'

படித்தவர்கள் எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். கம்பெனியிலிருந்து ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: எங்கள் டெக்னீஷியன் மதியம் வந்து பார்த்தார், லிஃப்ட் சரியாக ஓடிக்கொண்டிருந்தது, உங்கள் காவலாளியின் கையெழுத்து இணைக்கப்பட்டுள்ளது. அதில் பொய் ஒன்றும் இல்லை. காலையில் நின்ற லிஃப்ட் மதியம் ஆள் வருவதற்குள் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். செக்ரட்டரிக்கு ரத்தம் தலைக்கேறியது. அடுத்த மெயில் இன்னும் நீளமாகப் போனது.

இப்படியே டிரைவருக்கு ஐந்து தடவை தெரபி தவறிப் போயிற்று. ஐந்தாவது தடவை தவறிய திங்கட்கிழமை, போன் செய்த தெரபிஸ்ட் பெண் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்: "அக்கா, வியாழக்கிழமை கண்டிப்பா கூட்டிட்டு வந்துடுங்க. இல்லன்னா உங்க நேரத்த வேற ஒருத்தருக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

பதிலக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். விரல்கள் பறந்தன. பல வருஷமாகப் படித்த திட்டுகளில் பொறுக்கியெடுத்தவை எல்லாம் வரிசை கட்டி வந்தன. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த டிரைவர், "என்ன, கீபோர்ட உடைக்கிற? படி, கேப்போம்" என்றார்.

அவள் படித்தாள். 'உங்கள் அலட்சியத்தால் என் கணவர் நான்காவது மாடியில் சிறை வைக்கப்பட்டிருக்கிறார். நீங்கள் ஒரு நோயாளியின் வாழ்க்கையோடு விளையாடுகிறீர்கள்.'

டிரைவர் முழுவதையும் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. செக்ரட்டரியே தோத்தாரு. ஆமா, இந்த மாதிரி மெயில் உங்க ஆபீஸுக்கு வந்தா எங்க போகும்?"

"மேனேஜருக்குப் போகும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போன் போட்டுக் கேட்க லிஃப்ட் கம்பெனியில் ஒரு பதிலக்கா இருக்கமாட்டாள். மேனேஜரிடம் போனால் ஒரு வாரம். வியாழக்கிழமைக்கு இருப்பது இரண்டே நாள்.

அவளுக்குக் கோபம் குறையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கோபத்தை ஓரமாக உட்கார வைத்துவிட்டு மெயிலை முதல் வரியிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான். 'நீங்கள் அரைகுறையாகப் பழுது பார்க்கிறீர்கள்.' சரி, நான் பார்த்தேனா? இல்லை. நான் பார்த்தது என்ன? லிஃப்ட் நின்றது. 'உங்கள் அலட்சியம்' என்பதை 'அலட்சியம் நடந்துள்ளது' என்று மாற்றிப் பார்த்தாள். தூ, அதே குத்துதான், கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைத்திருக்கிறது. அழித்தாள். 'எப்போதும் நிற்கிறது.' எப்போதுமா? நேற்று ஓடியதே. அதையும் அழித்தாள். பக்கம் நிறைய இருந்த மெயிலில் கடைசியில் மிஞ்சியது ஒரே வரி: காலையில் லிஃப்ட் நிற்கிறது, மதியம் ஓடுகிறது.

எந்த மாடியில் நிற்கிறது? கதவு மூடுகிறதா? உள்ளே விளக்கு எரிகிறதா? தினமும் அடுத்தவர்களைக் கேட்கிற கேள்விகளுக்கு அவளிடமே விடை இல்லை. இத்தனை வாரம் திட்டிக்கொண்டே இருந்ததில் ஒருவரும் லிஃப்டைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். இரண்டாவது மாடியில், அரைநாள் ஸ்கூல் முடிந்து வந்திருந்த டீச்சர்தான் உருப்படியாகச் சொன்னாள். "கதவு மூடும்க்கா. விளக்கும் எரியும். பட்டன அமுக்கினா அசையாது, அவ்வளவுதான். இன்னைக்குக் காலையில ஸ்கூலுக்குக் கிளம்பும்போது நின்னுச்சு. படி வேற ஈரம், வழுக்கி விழப் பாத்தேன்."

"படி எதுக்கு ஈரமா இருந்துச்சு?"

"திங்கக்கிழமை இல்ல? கழுவுற நாள்."

திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் படி கழுவுவார்கள். முன்பெல்லாம் பெருக்குகிற அம்மா வாளியில் தண்ணீர் சுமந்து துடைப்பார். போன மாசம் அவருக்கு இடுப்பு வலி என்று தெரிந்ததும் செக்ரட்டரி தானே கடைக்குப் போய் ஒரு நீளமான ஹோஸ் பைப் வாங்கி வந்து மூன்றாவது மாடிக் குழாயில் மாட்டிக் கொடுத்தார். அதற்காக அந்த அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பதிலக்கா மூன்றாவது மாடிக்கு ஏறி லிஃப்ட் கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். தரை கதவுப் பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. கதவுக்கு அடியில் இருக்கிற உலோகச் சட்டத்தில் இன்னும் ஈரம் காயவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனிக்காரர்களை விடுங்கள், வினை இதோ மூன்றாவது மாடியிலேயே குடியிருக்கிறது! வலது பக்கம் திரும்பினால் அந்த மனிதரின் வாசல். கதவைத் தட்டி, 'உங்களால்தான், நீங்கள்தான்' என்று நாலு வார்த்தை கேட்டுவிட அவளுக்கு அரை நிமிஷம் போதும். டிப்போவில் கேட்டவளுக்கு இது எம்மாத்திரம்? கதவு வரைக்கும் போகவும் செய்தாள். மணியை அடிக்கக் கையைத் தூக்கியவள், தண்ணீர் போவதை நாம் கண்ணால் பார்க்கவில்லையே, லிஃப்ட் அதனால்தான் நிற்கிறது என்று யார் சொன்னது என்று யோசித்தாள். திரும்பிப் போய், எழுத வேண்டியதை எழுதி, காகிதத்தில் எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில்தான் வந்தாள். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் செக்ரட்டரி பேரில் இருப்பதால் மெயில் அவரிடமிருந்துதான் போக வேண்டும்.

செக்ரட்டரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

'எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் கடந்த சில வாரங்களாகத் திங்கள், வியாழன் காலைகளில் நின்றுவிடுகிறது. கதவு மூடுகிறது, விளக்கு எரிகிறது, பட்டனை அழுத்தினால் அசைவதில்லை. மதியத்துக்குள் தானாக ஓடத் தொடங்குகிறது. அதனால் டெக்னீஷியன் வரும் நேரத்தில் பழுது தெரிவதில்லை. அதே நாட்களில் காலையில் படிகள் ஹோஸ் பைப்பால் கழுவப்படுகின்றன. நேற்று கழுவிய பிறகு மூன்றாம் மாடி லிஃப்ட் கதவின் அடிச்சட்டம் ஈரமாக இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று எங்களுக்குத் தெரியாது. நான்காம் மாடியில் நடக்க முடியாத ஒருவர் இருக்கிறார். சிகிச்சைக்காக வியாழன் காலை அவர் கீழே இறங்க வேண்டும். லிஃப்ட் நிற்பதை டெக்னீஷியன் நேரில் பார்ப்பது தேவை. புதன்கிழமைக்குள் வர இயலுமா என்று இன்று மாலைக்குள் தெரிவிக்கவும்.'

படித்து முடித்துவிட்டு அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று. "என்னம்மா இது, பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு? உப்பில்ல, காரமில்ல. 'வெட்கமாக இல்லையா'ன்னு ஒண்ணாவது போடலாமே?"

"வெட்கம் வந்தா லிஃப்ட் ஓடுமா சார்?"

அவர் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் கண் மறுபடி அந்த ஹோஸ் பைப் வரிக்குப் போய்விட்டது. முகம் மாறியது. "படி கழுவுறத எதுக்கு எழுதணும்? தூக்கி நம்ம தலையில போட்டுட்டு அவன் நழுவிடுவான். இல்ல... நீங்க என்ன சொல்ல வரீங்க? எல்லாம் என்னாலதான்னா?"

பதிலக்காவின் நாக்கு நுனி வரைக்கும் 'ஆமாம்' வந்து நின்றது. அதை எப்படி விழுங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

"சார், நான் யாரையும் சொல்லல. படி கழுவினாங்க. கதவுக்கிட்ட ஈரம் இருந்துச்சு. லிஃப்ட் நின்னுச்சு. இது மூணும் நடந்துச்சு. ஏன்னு பாக்குறவன் பாக்கட்டும். அந்த ஒரு வரிய மறைச்சா அவன் மறுபடி மதியம் வந்து, ஓடுற லிஃப்ட பாத்துட்டுப் போயிடுவான். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். வியாழக்கிழமை அவரு கீழ இறங்கணும்."

செக்ரட்டரி காகிதத்தோடு உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே அனுப்பினார் என்பது பிறகு பார்த்தபோதுதான் தெரிந்தது. எத்தனை பெரிய விஷயம் அது! தன் மெயிலைத் தானே ரசிக்கிற மனிதருக்கு அதைவிடக் கஷ்டம் வேறு என்ன இருக்க முடியும்?

கம்பெனியிலிருந்து மதியமே பதில் வந்துவிட்டது. அதில் விளக்கமும் இல்லை, பழைய கையெழுத்தும் இல்லை. புதன்கிழமை காலை டெக்னீஷியன் வருவார், அவர் இருக்கும்போதே வழக்கம் போலப் படியைக் கழுவிக் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

புதன்கிழமை மூன்றாவது மாடியில் நல்ல கூட்டம். பெருக்குகிற அம்மா பைப்பை எடுக்கப் போனார். "நீங்க நில்லுங்க. நான் பிடிக்கிறேன்" என்று செக்ரட்டரி வாங்கிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோர் எதிரிலும் தண்ணீர் அடித்தார். தண்ணீர் படியில் பாதி, கதவுப் பக்கம் பாதி என்று பிரிந்து ஓடியது. டெக்னீஷியன் பட்டனை அமுக்கினான். லிஃப்ட் நகர்ந்தது. செக்ரட்டரியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொன்னான். அடித்தார். மறுபடி பட்டனை அமுக்கினான். லிஃப்ட் அசையவில்லை.

டெக்னீஷியன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சாவி போட்டுக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். "கதவு பூட்டிடுச்சுன்னு லிஃப்டுக்குச் சொல்ற காண்டாக்ட் இது. இதோட மூடி உடைஞ்சிருக்கு. போன சர்வீஸ்லயே எங்காளு பாத்து மாத்தியிருக்கணும். மூடி இல்லாததால தண்ணி தெறிச்சு உள்ள போகுது. ஈரமாயிட்டா, கதவு பூட்டலன்னு நெனச்சு லிஃப்ட் நின்னுடும். காஞ்சா ஓடும்." புது காண்டாக்ட் போட்டு, மூடி மாட்டி, அடியில் லிஃப்ட் குழியில் தேங்கிய தண்ணீரை இறைத்தான். "கதவுகிட்ட பைப் வேணாம் சார். அங்க மட்டும் துடைச்சிக்குங்க" என்றான். அவனை யாரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. அதனாலோ என்னவோ, தங்கள் ஆள் விட்ட பிழையையும் அவனே சொல்லிவிட்டுப் போனான்.

கூட்டம் கலைந்தது. செக்ரட்டரி மட்டும் பைப்பைச் சுருட்டாமல் நின்றுகொண்டிருந்தார். பதிலக்கா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. "டீ போட்டிருக்கேன், வரீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை டிரைவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வாக்கரை ஊன்றி, லிஃப்டுக்கு முன்னால் வந்து நின்றார். பதிலக்கா பட்டனை அமுக்கினாள். லிஃப்ட் வந்தது, ஏறினார்கள். மூன்றாவது மாடியில் அது நின்றதும் அவள் பட்டனை மறுபடி மறுபடி அமுக்கினாள். கதவு திறந்தது. வெளியே செக்ரட்டரி, காலில் செருப்பில்லாமல், கையில் துடைப்பானோடு. கதவைச் சுற்றித் தரையைத் துடைத்து முடித்திருந்தார். அவர்கள் வருவதற்காகவே பட்டனை அமுக்கி வைத்துக் காத்திருந்திருக்கிறார்.

"டிரைவர் சார்" என்றார். "இத்தனை வாரம் உங்கள மேல அடைச்சு வெச்சது நான்தான். யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நான் சண்டைதான் போட்டிருப்பேன். இப்ப... நேத்து ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்ல சார்."

பதிலக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. திட்டித் தீர்த்திருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும், உண்மைதான். ஆனால் இந்த மனிதர் இப்படிச் செருப்பில்லாமல் வந்து நின்றிருப்பாரா?

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பஸ் கிளம்பப் போகும் நேரத்தில் கடைசிப் படியில் ஏறத் தயங்குகிற ஆளைப் பார்க்கிற பார்வை.

"அதெல்லாம் வந்து பேசிக்கலாம் சார். எனக்கு நேரமாச்சு" என்றார். "கீழ வாசல்ல மூணு படி இருக்கு, வாக்கர் அங்க உதவாது. உள்ள ஏறுங்க. தோளக் குடுத்தீங்கன்னா நானே இறங்கிடுவேன்."

செக்ரட்டரி துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே ஏறினார்.